ஆறுக்கு மூன்று என்றால் பாதிதானா?

வாசகர் கடிதம்

என் மகன் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். அரையாண்டு அறிக்கை வந்தது. மதிப்பெண் ஒன்றுகூட இல்லை. தமிழில் கேட்டல் பேச்சு 4, வாசிப்பு 3, எழுத்து 2, செய்யுள் மொழியணி 4, இலக்கணம் 3, மொத்தத்தில் 3. கணிதத்திலும் 3. ஆறுக்கு மூன்று என்றால் ஐம்பது விழுக்காடுதானே? அண்டை வீட்டுப் பெண் பிள்ளை வேறு தமிழ்ப்பள்ளி. அவளுக்கு எல்லாவற்றிலும் 5. ஆசிரியரைக் கேட்டால், "நன்றாகத்தான் படிக்கிறான், கவலைப்படாதீர்கள்" என்கிறார். சோதனையே வைக்கக்கூடாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டதாமே?

மனம் கேட்காமல் வீட்டில் நானே இருபது கழித்தல் கணக்குகள் கொடுத்தேன். பதினான்கு சரி. 70 மதிப்பெண். எனக்கு இதுதான் புரிகிறது. அந்தத் தாளையும், அவன் எழுதிய நோட்டுப் பக்கம் ஒன்றையும் படமெடுத்து இணைத்திருக்கிறேன். சீனப்பள்ளிக்கு மாற்றினால் ஒழுங்காகத் தேர்வு இருக்கும் என்கிறார் கணவர். எழுத்தில் 2 வாங்கியதால் இதே வகுப்பில் நிறுத்திவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது. அடுத்த ஆண்டு தேர்வு வந்தால் என்ன செய்வான்? வழி சொல்லுங்கள்.

ஒரு தாய், பேராக்

பதில்

அன்புள்ள சகோதரி,

முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்ப்பள்ளிகளில் கற்பித்தவள் நான். அதில் பாதிக்கு மேல் முதல் மூன்று ஆண்டுப் பிள்ளைகளோடுதான் கழிந்தது. நீங்கள் இணைத்த இரண்டு படங்களையும் பெரிதாக்கி நிதானமாகப் பார்த்தேன். உங்கள் கேள்விகளுக்கான விடையில் பெரும்பகுதி அந்த இரண்டு தாள்களிலேயே இருக்கிறது.

முதலில் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். எழுத்தில் 2 என்பதற்காக உங்கள் மகனை யாரும் அதே வகுப்பில் நிறுத்தப் போவதில்லை. நம் தொடக்கப்பள்ளிகளில் பிள்ளைகள் வயதோடு அடுத்த ஆண்டுக்குப் போகிறார்கள். மதிப்பெண் இருந்த காலத்திலும் அப்படித்தான் போனார்கள், புதிய முறையால் வந்த சலுகை அல்ல இது. ஆகவே "நிறுத்திவிடுவார்களா" என்ற கவலை வேண்டாம். எழுத்தில் 2-ஆகவே இருந்தபடி நான்காம் ஆண்டுக்குப் போய்விடுவானா என்றுதான் நீங்கள் யோசிக்க வேண்டும். அதற்கு இன்னும் அரையாண்டு கையில் இருக்கிறது.

அந்த எண் எதைச் சொல்கிறது?

2019 முதல் படிநிலை ஒன்றில், அதாவது முதல் மூன்று ஆண்டுகளில், தேர்வுகள் இல்லை. அவற்றின் இடத்தில் வந்தது வகுப்புசார் மதிப்பீடு. பள்ளிகளில் பி.பி.டி. என்றே சொல்கிறோம். அதில் ஒவ்வொரு திறனுக்கும் ஒன்று முதல் ஆறு வரை அடைவு நிலை தரப்படுகிறது. எண்ணாக இருப்பதால் அதை மதிப்பெண்ணாகப் படித்துவிடுகிறோம். உங்களைக் குறை சொல்ல மாட்டேன், எனக்குத் தெரிந்த ஆசிரியர்கள் சிலரே அப்படித்தான் படிக்கிறார்கள்.

கணிதத்தை எடுத்துக்கொள்வோம், அதில் படிகள் தெளிவாகத் தெரியும். அடிப்படையான செய்தியைச் சொல்லத் தெரிந்தால் நிலை 1. புரிந்ததை விளக்கத் தெரிந்தால் 2. கூட்டல் கழித்தல் போன்ற செயல்முறைகளையும் வழக்கமான படிகளையும் தானே செய்யத் தெரிந்தால் 3. அதையே எளிய பிரச்சனைக் கணக்கில் பயன்படுத்தினால் 4. இரண்டு மூன்று படிகள் கொண்ட சிக்கலான பிரச்சனைக் கணக்கை வெவ்வேறு உத்திகளில் தீர்த்தால் 5. பாடப்புத்தகத்தில் பார்த்திராத வகைக் கணக்கைப் புதிதாக யோசித்துத் தீர்த்தால் 6.

இப்போது பாருங்கள். 4,583-இலிருந்து 1,278-ஐக் கழிக்கத் தெரிந்தவன் நிலை 3-இல் நிற்கிறான். "நூல்நிலையத்தில் 4,583 புத்தகங்கள் இருந்தன, 1,278 புத்தகங்களை இரவல் கொடுத்துவிட்டார்கள், மீதம் எத்தனை?" என்று கேட்டால், இது கழித்தல் என்று தானே கண்டுபிடித்துச் செய்பவன் 4-இல் இருக்கிறான். "விடை 3,305 வரும்படி எத்தனை கழித்தல் கணக்குகள் உருவாக்கலாம், எப்படித் தெரியும்?" என்று கேட்டால், ஒரு வழியைக் கண்டுபிடித்து அதை நமக்கு விளக்குபவன் 6-ஐ நோக்கிப் போகிறான். ஒரே கழித்தல்தான், அவன் அதை வைத்து என்ன செய்கிறான் என்பது மாறிக்கொண்டே போகிறது. பாதி தெரியும், பாதி தெரியாது என்ற பொருள் 3-க்குக் கிடையாது. எதிர்பார்க்கப்படும் குறைந்தபட்ச அளவை எட்டிவிட்டான் என்பதே அதன் பொருள். கல்வி அமைச்சின் கணக்கிலும் 3-க்குக் கீழே இருப்பவர்களுக்குத்தான் அடிப்படை இன்னும் கைகூடவில்லை.

எனவே அறிக்கையில் உங்கள் கண் நிற்க வேண்டிய இடம் "மொத்தத்தில் 3" அல்ல. எழுத்துக்கு நேரே இருக்கும் அந்த 2. குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இருப்பது அது ஒன்றுதான். மொத்த நிலையை ஆசிரியர் கூட்டி வகுத்துப் போடுவதில்லை. பிள்ளையைப் பல மாதங்கள் பார்த்ததை வைத்து, சக ஆசிரியர்களோடும் பேசி, தம் தொழில்முறைத் தீர்மானமாகப் போடுகிறார். அதில் தவறில்லை. ஆனால் மொத்த நிலை அந்த 2-ஐ மூடிவிடுகிறது. வீட்டில் எல்லோரும் 3-ஐப் பற்றியே பேசி, 2-ஐ விட்டுவிடுவீர்களோ என்பதுதான் என் கவலை.

உங்கள் 70 மதிப்பெண் தாள்

நீங்கள் வீட்டில் வைத்த சோதனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல வேலைதான் செய்தீர்கள். ஆனால் திருத்தி, கூட்டி, 70 என்று எழுதி, அங்கேயே நின்றுவிட்டீர்கள். தவறான ஆறு கணக்குகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். ஆறிலும் மேலே இருக்கும் எண்ணில் பூஜ்ஜியம் இருக்கிறது. சரியான பதினான்கில் ஒன்றில்கூட இல்லை.

4,583-இலிருந்து 1,278-ஐக் கழிக்கும்போது ஒன்றுகளில் 3-இலிருந்து 8 போகாது என்று அவனுக்குத் தெரிகிறது. பக்கத்திலிருக்கும் 8-இலிருந்து கடன் வாங்குகிறான், 13 ஆக்குகிறான், 3,305 என்று சரியாக முடிக்கிறான். அடுத்த வரிசையில் 4,003-இலிருந்து 1,278. பக்கத்து இடத்தில் பூஜ்ஜியம். கடன் வாங்க ஆள் இல்லை. அதற்கும் பக்கத்திலும் பூஜ்ஜியம். என்ன செய்வதென்று தெரியாமல் எண்களைத் தலைகீழாகத் திருப்பிக் கழித்திருக்கிறான். 8-இலிருந்து 3 போனால் 5, 7-இலிருந்து 0 போனால் 7, 2-இலிருந்து 0 போனால் 2, பிறகு 4-இலிருந்து 1 போனால் 3. விடை 3,275. சரியான விடை 2,725. மற்ற ஐந்திலும் இதே கதைதான். ஆறு கணக்குகள் தவறு, ஆனால் தவறு ஒன்றே ஒன்று. கவனக்குறைவும் இல்லை, சோம்பலும் இல்லை. தனக்குத் தெரியாத ஓரிடத்தில் தானாக ஒரு விதியைக் கண்டுபிடித்து அதை நேர்மையாகப் பின்பற்றியிருக்கிறான்.

இதே 70-ஐ வேறொரு பிள்ளையும் வாங்கலாம். அவன் நேரம் போதாமல் கடைசி ஆறையும் தொடாமலே விட்டிருப்பான். இன்னொருத்தி கூட்டல் குறியையும் கழித்தல் குறியையும் மாற்றிப் பார்த்திருப்பாள். மூவருக்கும் 70. மூவருக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு. "கடன் வாங்கிக் கழிக்கத் தெரியும், மேல் எண்ணில் பூஜ்ஜியம் வந்தால் தடுமாறுகிறான்" என்று ஒரே ஒரு வரி எழுதப்பட்டிருந்தால், மறுநாள் காலையில் என்ன சொல்லிக்கொடுப்பது என்று ஆசிரியருக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். மதிப்பெண்ணை எடுத்துவிட்டு விவரப் பதிவைக் கொண்டுவந்ததன் நோக்கம் அந்த ஒரு வரிதான்.

வீட்டில் இதைச் சரிசெய்யக் காகிதத்தில் நூறு வெள்ளி, பத்து வெள்ளி, ஒரு வெள்ளி நோட்டுகள் வெட்டிக்கொள்ளுங்கள். நான்கு நூறு வெள்ளி நோட்டுகளையும் மூன்று ஒரு வெள்ளி நோட்டுகளையும் அவன் கையில் கொடுத்து, "எனக்கு 128 வெள்ளி கொடு" என்று கேளுங்கள். அவனிடம் பத்து வெள்ளி நோட்டே இல்லை. நூறு ஒன்றைப் பத்துப் பத்து வெள்ளியாக மாற்றியாக வேண்டும், அதில் ஒன்றைப் பத்து ஒரு வெள்ளியாக மாற்றியாக வேண்டும். இப்போது அவன் கையில் மூன்று நூறு, ஒன்பது பத்து, பதின்மூன்று ஒன்று. பூஜ்ஜியம் இருந்த இடத்தில் ஒன்பது எப்படி வந்தது என்பதை அவன் கண்ணாலேயே பார்த்துவிடுவான். கொடுத்தது போக 275 வெள்ளி மிஞ்சும். நாலைந்து முறை மாற்றிய பிறகு அதே கணக்கைத் தாளில் செய்யச் சொல்லுங்கள். பிறகு 4,003-க்குப் போகலாம். இதற்கு டியூஷன் வேண்டியதில்லை.

நோட்டுப் பக்கத்தில் தெரிவது

இப்போது அந்த 2-க்கு வருகிறேன். உங்கள் மகன் எழுதிய பக்கத்தில் இந்த வரிகள் இருக்கின்றன: "நேற்று நான் பல்லிக்குச் சென்ரேன். வழியில் மலை பெய்தது. நான் குடை கொண்டு போகவில்லை. அதனால் கடை ஓரமாக நின்ரேன்."

பள்ளி பல்லியாகிவிட்டது, மழை மலையாகிவிட்டது. சிவப்புப் பேனா பிடித்துப் பழகியவர்களின் கண் அங்கேதான் போகும். நான் வேறொன்றை முதலில் பார்க்கிறேன். நான்கு வாக்கியங்களும் ஒன்றோடொன்று கோவையாக நிற்கின்றன. "அதனால்" என்ற சொல்லைச் சரியான இடத்தில் போட்டிருக்கிறான். "குடை கொண்டு போகவில்லை" என்று காரணத்தைச் சொல்லிவிட்டு விளைவைச் சொல்கிறான். எட்டு ஒன்பது வயதில் இது சின்ன விஷயமில்லை. "பல்லிக்குச்" என்று வல்லினத்தைக்கூட மிகச் செய்திருக்கிறான், பாருங்கள். தடுமாற்றம் இரண்டே இடங்களில்தான்: லகர ளகர ழகரம், ரகர றகரம்.

இங்கே ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு, நீங்களும் வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். பாடப்புத்தகத்தில் "பள்ளி", "மழை" இருக்கும் பத்தி ஒன்றை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்கும்போது ள, ழ ஒலிகளைச் சரியாகச் சொல்கிறானா? சரியாகச் சொல்கிறான், எழுதும்போது மட்டும் மாறுகிறது என்றால், காதுக்கும் நாக்குக்கும் தெரிந்தது இன்னும் கைக்கு வரவில்லை. தினமும் ஐந்து சொற்கள் சொல்வதெழுதுதல் வைத்தால் சில வாரங்களில் மாற்றம் தெரியும். வாசிக்கும்போதும் "பல்லி", "மலை" என்றே சொல்கிறான் என்றால் எழுத வைத்துப் பயனில்லை. அவன் காதில் இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கின்றன. மலை மழை, பல்லி பள்ளி, விலை விளை என்று இணைச் சொற்களை வைத்து, நீங்கள் சொல்ல, அவன் சரியான படத்தைத் தொட்டுக் காட்டும் விளையாட்டிலிருந்து தொடங்க வேண்டும். வீட்டில் நாமே ழகரத்தை விட்டுவிட்டுப் பேசினால் பிள்ளை எங்கே கேட்கும் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

இந்த இரண்டு வகைப் பிள்ளைகளுக்கும் எழுத்தில் 2 என்றுதான் அறிக்கை சொல்லும். ஆகவே எண் போதாது, வாக்கியம் வேண்டும்.

இரண்டும் இல்லாமல் வேறு அறிகுறிகள் இருந்தால் அது தனிக்கதை. பார்த்து எழுதும்போதே எழுத்துகள் விடுபடுவது, தெரிந்த சொல்லையும் ஒவ்வொரு முறையும் புதிதாக எழுத்துக்கூட்டிப் படிப்பது, கொம்பும் காலும் இடம் மாறுவது, வாசிப்பு என்றாலே ஓடி ஒளிவது ஆகியவை சேர்ந்து தெரிந்தால், குறைநீக்கல் ஆசிரியரிடம் காட்டச் சொல்லிக் கேளுங்கள். குறைநீக்கல் வகுப்பு முதல் மூன்று ஆண்டுப் பிள்ளைகளுக்காகவே இருக்கிறது, உங்கள் மகன் இப்போது அதன் கடைசி ஆண்டில் இருக்கிறான். நீங்கள் அனுப்பிய பக்கத்தில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஒரே ஒரு பக்கத்தை வைத்து உறுதியாகச் சொல்லவும் முடியாது. வாசிப்பில் 3 இருப்பது நல்ல அறிகுறி.

ஆசிரியரிடம் என்ன கேட்பது?

"நன்றாகத்தான் படிக்கிறான்" என்ற பதில் உங்களுக்குப் போதவில்லை என்பது நியாயமே. மதிப்பெண்ணுக்குப் பதிலாக விவரம் தருகிறோம் என்று சொல்லிவிட்டு விவரத்தையும் தராவிட்டால் பெற்றோர் எதைப் பிடித்துக்கொள்வது?

இந்த முறை எங்கே கெட்டுப்போகிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும், அதனால் மறைக்காமல் எழுதுகிறேன். அறிக்கையைத் தயாரிக்கும் கணினிப் படிவத்தில் ஆசிரியர் எண்ணைப் போட்டால், அதற்குரிய விளக்க வாக்கியம் தானாக வந்து உட்கார்ந்துவிடும். வகுப்பில் எழுத்துக்கு 2 வாங்கிய ஏழு பிள்ளைகள் இருந்தால் ஏழு பேருக்கும் ஒரே வாக்கியம், எழுத்துக்கு எழுத்து அதேதான். பெயருக்கு விவரப் பதிவு, உள்ளே மறுபடியும் வெறும் எண். இன்னொன்றும் நடக்கும். வேலைச் சுமையில் பதிவைத் தள்ளிப்போட்டு, அறிக்கைக்கு முந்தின இரவில் உட்கார்ந்து நினைவிலிருந்து எல்லோருக்கும் 3, 4 என்று நிரப்புவது.

2011-இல் பள்ளிசார் மதிப்பீடு முதலாம் ஆண்டில் தொடங்கியபோது இதற்கு நேர் எதிரான நிலை இருந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோப்பு, ஒவ்வொரு திறனுக்கும் ஒரு சான்றுத் தாள், போதாததற்கு நள்ளிரவில் விழித்திருந்து நிரப்ப வேண்டிய இணையப் பக்கம். நானும் விழித்திருந்தவள்தான். கோப்புகள் அலமாரியை நிறைத்தன, பிள்ளையைக் கவனிக்க நேரம் இல்லாமல் போனது. 2014-இல் அந்தச் சுமையைக் குறைத்தார்கள். இப்போது தனிக்கோப்பு கட்டாயமில்லை, பிள்ளையின் நோட்டும் பயிற்றியுமே சான்று. இது நல்ல மாற்றம். ஆனால் கோப்போடு சேர்த்துக் கவனிப்பையும் தூக்கிப் போட்டுவிட்டால் என்ன பயன்?

ஆகவே ஆசிரியரைச் சந்திக்க நேரம் கேளுங்கள். பள்ளி முடிந்து வாசலில் நின்றபடி வேண்டாம், இருபது நிமிடம் உட்கார்ந்து பேசும்படி கேளுங்கள். "ஏன் 2 போட்டீர்கள்?" என்று தொடங்கினால் அவர் தற்காப்பில் இறங்கிவிடுவார். நோட்டை மேசையில் விரித்து வைத்து மூன்று கேள்விகள் கேளுங்கள்.

எழுத்தில் இவன் இப்போது எதைத் தானாகச் செய்கிறான், எதற்கு உங்கள் உதவி தேவைப்படுகிறது?

எந்தெந்த வேலையைப் பார்த்து இந்த நிலையைத் தீர்மானித்தீர்கள், கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

3-க்கு வர அடுத்து இவனால் என்ன செய்ய முடிய வேண்டும், அதற்கு வகுப்பில் என்ன செய்யப் போகிறீர்கள், வீட்டில் நான் என்ன செய்யட்டும்?

மூன்றாவது கேள்விக்கு ஆசிரியர் உங்கள் மகனின் நோட்டைக் காட்டி, அவன் எழுத்துகளையே தொட்டுப் பேசினார் என்றால் அங்கே மதிப்பீடு உண்மையாக நடக்கிறது. "இன்னும் முயற்சி செய்ய வேண்டும்" என்ற அளவில் நின்றால், டி.எஸ்.கே.பி. எனப்படும் பாடத்திட்ட ஆவணத்தில் எழுத்துத் திறனுக்கான அடைவு நிலை விளக்கத்தைக் காட்டும்படி பணிவாகக் கேளுங்கள். 2-க்கும் 3-க்கும் என்ன எழுதியிருக்கிறது என்று இருவரும் சேர்ந்து படித்தாலே பேச்சு நேரான வழிக்கு வந்துவிடும். அது ரகசிய ஆவணம் அல்ல.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். எண்ணை உயர்த்தித் தரும்படி கேட்காதீர்கள், அந்தப் பொருள் தொனிக்கும்படியும் பேசாதீர்கள். பெற்றோரின் முகம் வாடக்கூடாது என்று 2-ஐ 3 ஆக்கித் தரும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அப்படி ஆக்கிவிட்டால் உதவி தேவைப்படும் பிள்ளை பட்டியலிலிருந்து காணாமல் போய்விடுவான். உங்கள் ஆசிரியர் 2 என்று போட்டிருக்கிறார். அதற்காக நான் அவரை மதிக்கிறேன். வாயால் சொல்லத் தயங்கியதை அறிக்கையில் நேர்மையாக எழுதியிருக்கிறார்.

அண்டை வீட்டு 5, சீனப்பள்ளி, அடுத்த ஆண்டு

அந்தப் பெண் பிள்ளையின் 5-ஐ உங்கள் மகனின் 3-க்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒரே தாளை இருவரும் எழுதவில்லை, ஒரே ஆசிரியர் இருவரையும் பார்க்கவுமில்லை. ஒரு பள்ளிக்குள் ஆசிரியர்கள் கூடிப் பேசித் தங்கள் தீர்மானங்களைச் சமன்செய்துகொள்ள வேண்டும் என்பது நடைமுறை. பள்ளிக்குப் பள்ளி அந்தக் கண்டிப்பு வேறுபடும். இந்த முறையின் உண்மையான பலவீனம் இது, மறுக்க மாட்டேன். ஒப்பிட விரும்பினால், உங்கள் மகனின் ஆண்டுத் தொடக்க நோட்டையும் இந்த வார நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

சீனப்பள்ளிக்கு மாற்றுவதைப் பற்றி உங்கள் கணவர் சொல்வதில் ஒரு பிழை இருக்கிறது. முதல் மூன்று ஆண்டுகளில் தேர்வை நீக்கியது தமிழ்ப்பள்ளிக்கு மட்டுமான ஏற்பாடு அல்ல. தேசியப் பள்ளி, சீனப்பள்ளி, தமிழ்ப்பள்ளி மூன்றுக்கும் அதே விதிதான். அங்கேயும் அவனுக்கு அடைவு நிலைதான் கிடைக்கும். கூடவே, லகர ளகரத்தில் தடுமாறும் பிள்ளையை, பாதி ஆண்டில், முற்றிலும் புதிய எழுத்துமுறைக்குள் தள்ளுவீர்கள். சீன மொழி படிக்க வேண்டும் என்பது உங்கள் குடும்பத்தின் விருப்பமானால் அது வேறு, அதைத் தனியாகப் பேசி முடிவெடுங்கள். தேர்வுக்காக மாற்றாதீர்கள்.

சோதனையே வைக்கக்கூடாது என்று நீங்கள் கேள்விப்பட்டதும் முழுச் சரியில்லை. பள்ளி முழுவதும் அட்டவணை போட்டு, ஒரே தாளைக் கொடுத்து, மதிப்பெண் கூட்டி, வகுப்பில் எத்தனையாவது என்று எழுதும் தேர்வுதான் நீங்கியது. ஒரு தலைப்பு முடிந்ததும் ஆசிரியர் சிறு சோதனை வைக்கலாம், புதிர்ப் போட்டி வைக்கலாம், சொல்வதெழுதுதல் வைக்கலாம். இவையும் வகுப்புசார் மதிப்பீட்டின் கருவிகளே. வாய்விட்டு வாசிப்பதைக் கேட்பது, குழுவில் பேசுவதைக் கவனிப்பது, படைப்பைப் பார்ப்பது ஆகியவற்றோடு தாளும் ஒன்று. உங்கள் பள்ளியில் எழுத்துச் சோதனையே நடப்பதில்லை என்றால் அது ஆசிரியரின் சொந்த முடிவு. தலைப்பு முடிவில் ஒன்று வைக்க முடியுமா என்று கேட்பதில் தவறில்லை.

அடுத்த ஆண்டைப் பற்றிய கவலை நியாயமானது. ஆறாம் ஆண்டில் எழுதிவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீங்கியது. ஆனால் 2022/2023 கல்வியாண்டிலிருந்து நான்காம், ஐந்தாம், ஆறாம் ஆண்டுகளுக்கு ஆண்டிறுதித் தேர்வு வந்தது. அதன் கேள்விகளைத் தேர்வு வாரியம் தயாரிக்கிறது, பள்ளியிலேயே எழுதி, பள்ளியிலேயே திருத்துகிறார்கள். வகுப்புசார் மதிப்பீடும் கூடவே தொடர்கிறது. மூன்று ஆண்டுகள் மணி பார்த்து எழுதிப் பழகாத பிள்ளைக்கு முதல் தேர்வில் திகைப்பு வரத்தான் செய்யும். அதற்கு இப்போதே மாதிரித் தாள்களை அடுக்க வேண்டாம். இந்த ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில், வாரம் ஒரு நாள், அரை மணி நேரம், யாரிடமும் கேட்காமல் ஒரு பக்கத்தைத் தானே படித்துத் தானே எழுதி முடிக்கட்டும். மதிப்பெண் போடாதீர்கள். எங்கே நின்றான், ஏன் நின்றான் என்று மட்டும் ஒரு வரி எழுதி வையுங்கள். கழித்தல் தாளில் நாம் பார்த்ததைப் போல.

இன்று முதல் ஒரு மெல்லிய நோட்டை இதற்கென்றே ஒதுக்குங்கள். தேதி போட்டு, வாரத்துக்கு ஒரு வரி. முதல் பக்கத்தில் நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்: "எழுத்து: நான்கு வாக்கியங்களைக் கோவையாக எழுதுகிறான். ல, ள, ழ மாறுகிறது, ர, ற மாறுகிறது. அடுத்தது: இணைச் சொற்கள் பத்து. கணிதம்: மேல் எண்ணில் பூஜ்ஜியம் இருந்தால் திருப்பிக் கழிக்கிறான். அடுத்தது: வெள்ளி நோட்டு மாற்றும் விளையாட்டு." ஆசிரியரைப் பார்க்கப் போகும்போது இந்த நோட்டையும் எடுத்துப் போங்கள். அவர் பார்த்ததும் நீங்கள் பார்த்ததும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே மாறுகின்றன என்பதைப் பத்து நிமிடத்தில் பேசிவிடலாம்.

அறிக்கை ஆண்டுக்கு இரண்டு முறை வரும். இரண்டாவது ஆண்டிறுதியில். அதில் எழுத்துக்கு நேரே மறுபடியும் 2 இருந்து, அதே விளக்க வாக்கியமும் இருந்து, இடையில் வகுப்பில் என்ன செய்யப்பட்டது என்று யாராலும் சொல்ல முடியாவிட்டால், அப்போது தலைமையாசிரியரிடம் எழுத்து மூலமாகக் கேளுங்கள். மகனின் பெயர், வகுப்பு, திறன், இரண்டு அறிக்கைகளின் தேதி, நீங்கள் ஆசிரியரைச் சந்தித்த தேதி, நான்காம் ஆண்டில் அவனுக்கு என்ன உதவி திட்டமிடப்பட்டிருக்கிறது என்ற ஒரே கேள்வி. அரைப் பக்கம் போதும். மாவட்டக் கல்வி இலாகா அதற்குப் பிந்தைய படி. பெரும்பாலும் அதுவரை போக வேண்டியிருக்காது.

அந்த நோட்டுப் பக்கத்தின் கீழே அவன் ஒரு குடை வரைந்திருக்கிறான், கவனித்தீர்களா? குடையின் கீழ் இரண்டு பேர் நிற்கிறார்கள். இன்னொருவர் யார் என்று கேளுங்கள். சொன்னதும், அதையும் ஐந்தாவது வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள்.